அண்ணே, அந்த பட்டனை அமுக்கிடாதீங்க!

பொங்கல் முடிஞ்ச வாரம். கரும்புக் கட்டு வித்த இடத்துல சோகை இன்னும் காத்துல பறந்துக்கிட்டிருந்துச்சு. புவனகிரியில சிதம்பரம் போற ரோட்டுல இரும்புக்கடை வெச்சிருக்கிற அண்ணன் (பேர் வேணாம், நம்ம ஊர்ல நாலு பேருக்கு உடனே தெரிஞ்சிடும்) மொபைலை நீட்டிக்கிட்டு உள்ள வந்தாரு.

"தம்பி, இன்கம் டாக்ஸ்லேர்ந்து வந்திருக்கு. ஒத்துக்கிறோம்னு ஒரு பட்டன் இருக்காம். அமுக்கிட்டா வேலை முடிஞ்சிடும்னு பையன் சொல்றான். அமுக்கிடட்டுமா?"

வேணாம்னு கத்தியே சொல்லிட்டேன். எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தாரு.

எனக்கு வந்த கோவம் அவர் மேல இல்லைங்க. வர்ற நோட்டீஸைப் படிக்காமலே "அமுக்கிடு, கட்டிடு"ன்னு சொல்ற பழக்கம் மேல. அன்னைக்கு அவர் அமுக்கியிருந்தா, கட்டவே வேண்டாத 54,000 ரூபாய் வருமானத்துக்கு வரி கட்டியிருப்பாரு. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல கடையைப் பத்தி.

மூணு பங்குதாரர்: அண்ணன், தம்பி, அவங்க அம்மா. அண்ணன் முதல் 15 லட்சம், தம்பி 10 லட்சம், அம்மா 5 லட்சம். ஆக 30 லட்சம். கடையைப் பார்க்கறது பசங்க ரெண்டு பேரும்தான். அம்மா முதல் போட்டதோட சரி. முதல் கணக்கு தனி, கைச்செலவுக்கு எடுக்கிற நடப்புக் கணக்கு தனி. அதனால வருஷம் முழுக்க 30 லட்சம் அப்படியே நிக்குது. (இது பெரிய நிம்மதி. நடுவுல முதல்லேர்ந்து எடுத்திருந்தா, எடுத்த தேதியிலிருந்து நாள் கணக்குப் பார்த்து வட்டி போடணும். ஏப்ரல் 1 இருப்பை வெச்சு முழு வருஷத்துக்கும் வட்டி போட்டு மாட்டினவங்களை நிறைய பார்த்திருக்கேன்.)

பார்ட்னர்ஷிப் பத்திரத்துல என்ன எழுதியிருக்கு? முதலுக்கு 15 சதவீதம் வட்டி. அண்ணனுக்கும் தம்பிக்கும் மாசம் ஆளுக்கு 30,000 சம்பளம். அப்பா காலத்துல எழுதின பத்திரம், அப்புறம் சம்பளத்தை மட்டும் திருத்தியிருக்காங்க.

2024-25 நிதியாண்டுக் கணக்கு இது. வட்டியும் சம்பளமும் எடுக்கறதுக்கு முன்னாடி லாபம் 12 லட்சம். வட்டி 15 சதவீதத்துல 4,50,000. சம்பளம் 7,20,000. ரெண்டும் போக லாப நஷ்டக் கணக்குல நின்னது 30,000 ரூபாய்.

ரிட்டர்ன் போட்டவர் அந்த 30,000-ஐ மட்டும் வருமானமா காட்டிட்டாரு. "பத்திரத்துல இருக்கே, அப்ப முழுசும் செலவுதானே"ங்கிறது அவர் கணக்கு.

இங்கதான் முதல் தப்பு. பத்திரம் ஒரு பூட்டு, சட்டம் இன்னொரு பூட்டு. ரெண்டும் திறந்தாதான் பணம் செலவா வெளிய வரும். பத்திரத்துல இல்லாததைச் சட்டம் அனுமதிச்சாலும் எடுக்க முடியாது. சட்டத்துக்கு மேல பத்திரம் எழுதினாலும் எடுக்க முடியாது. எது கம்மியோ அதுதான்.

1961-ஆம் வருஷ வருமான வரிச் சட்டத்துல இதுக்கான இடம் 40(b). வட்டின்னா வருஷத்துக்கு 12 சதவீதம், அதுவும் தனி வட்டி. யாரா இருந்தாலும் அதுக்கு மேல கிடையாது. சம்பளம்னா வேலை பார்க்கிற பங்குதாரருக்கு மட்டும். (அம்மாவுக்கு வட்டி கொடுக்கலாம், தப்பில்ல. சம்பளம்னு ஒரு ரூபாய் எழுதினாலும் அந்த ரூபாய் முழுசா தள்ளுபடி. நல்லவேளை இவங்க எழுதல.)

சம்பளத்துக்கு உச்சவரம்பு புத்தக லாபத்தை வெச்சு. புக் பிராஃபிட்னு சொன்னாதான் நம்ம ஆளுங்களுக்குப் புரியும். முதல் 6 லட்சம் வரைக்கும் 90 சதவீதம், இல்லைன்னா 3 லட்சம், இதுல எது அதிகமோ அது. 6 லட்சத்துக்கு மேல இருக்கிறதுல 60 சதவீதம். இது 2025-26 மதிப்பீட்டு ஆண்டுலேர்ந்து வந்த புது வரம்பு. அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷமா முதல் 3 லட்சத்துக்குத்தான் 90 சதவீதம், குறைஞ்சபட்சம் ஒன்றரை லட்சம்.

சரி, நோட்டீஸுக்கு வருவோம்.

அது ஸ்க்ரூட்டினி நோட்டீஸ் இல்ல. 143(1)(a) திருத்த முன்மொழிவு. அதாவது, "உங்க ஆடிட் ரிப்போர்ட்டுல இவ்ளோ தொகை அனுமதி இல்லைன்னு போட்டிருக்கு, ரிட்டர்ன்ல அதைக் கூட்டல, நாங்க கூட்டப்போறோம், 30 நாளுக்குள்ள பதில் சொல்லுங்க"ன்னு கம்ப்யூட்டர் கேக்குற கேள்வி. ஆடிட் ரிப்போர்ட்டோட 3CD படிவத்துல 21(c)-ன்னு ஒரு இடம் இருக்கு. 40(b)-ல அடிபடுற வட்டி, சம்பளத்தை ஆடிட்டர் அங்க எழுதணும். ரிட்டர்ன்ல அதுக்கு ஜோடி இடம் Part A-OI. இங்க தொகை, அங்க சைபர்னு இருந்தா நோட்டீஸ் வரும். இவங்களுக்கு வந்ததும் அப்படித்தான்.

21(c)-ல இருந்த தொகை 1,80,000.

வட்டியில 90,000, சம்பளத்துல 90,000.

வட்டிக் கணக்கு சரி. 30 லட்சத்துக்கு 12 சதவீதம் 3,60,000. எடுத்தது 4,50,000. அதிகம் 90,000. அதுல வாதாட ஒண்ணுமில்ல.

சம்பளத்துலதான் எனக்கு மூக்கு வேர்த்துச்சு. ரெண்டு இடத்துலயும் ஒரே 90,000 எப்படி வரும்? தற்செயலாவும் இருக்கலாம், ஆனா போட்டுப் பார்க்காம விடக்கூடாது. ஒரு பழைய பில்லோட பின்பக்கத்துல போட்டேன்.

அந்த ரிப்போர்ட்டுல எப்படிப் போட்டிருக்காங்கன்னா: லாபம் 30,000, அதோட சம்பளம் 7,20,000 கூட்டினா புத்தக லாபம் 7,50,000. முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் 5,40,000. மீதி 1,50,000-க்கு 60 சதவீதம் 90,000. ஆக உச்சவரம்பு 6,30,000. எடுத்தது 7,20,000. அதிகம் 90,000.

பார்க்க எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா புத்தக லாபம்னா லாப நஷ்டக் கணக்குல அச்சடிச்ச எண் இல்லைங்க. அந்த லாபத்தை, வியாபார வருமானம் கணக்கிடுற அத்தியாயத்துல சொன்ன முறைப்படி திருத்தி, அப்புறம் பங்குதாரர் சம்பளத்தைக் கூட்டணும். 40(b)-யும் அதே அத்தியாயத்துலதான் இருக்கு. அப்ப 12 சதவீதத்துக்கு மேல போன வட்டி 90,000 செலவே இல்லைன்னு ஆயிடுச்சுன்னா, அது முதல்ல லாபத்துக்குள்ள திரும்பி வந்தாகணும். வட்டியை ஒரு கையால தள்ளிட்டு, இன்னொரு கையால அதே வட்டியைக் கழிச்ச லாபத்தை வெச்சு சம்பளத்தை வெட்டக்கூடாது.

சரியான கணக்கு இது:

```
லாப நஷ்டக் கணக்குப்படி லாபம்       30,000
+ 12%-க்கு மேல் போன வட்டி           90,000
+ பங்குதாரர் சம்பளம்              7,20,000
புத்தக லாபம்                      8,40,000

6,00,000 × 90%                    5,40,000
2,40,000 × 60%                    1,44,000
சம்பள உச்சவரம்பு                  6,84,000
எடுத்தது                          7,20,000
அதிகம்                              36,000
```

90,000 இல்ல, 36,000! வட்டி 90,000-ஓட சேர்த்து மொத்தம் தள்ளுபடி 1,26,000. நோட்டீஸ்ல இருக்கிறதைவிட 54,000 கம்மி. அந்த 54,000 எங்கேர்ந்து வந்துச்சு? 90,000-ல 60 சதவீதம். உங்க நோட்டீஸ்லயும் வட்டி, சம்பளம் ரெண்டும் வெட்டியிருந்தா, 6 லட்சம் தாண்டின புத்தக லாபமா இருந்தா, முதல்ல இதைத்தான் பாருங்க. அதிக வட்டியில 60 சதவீதம் சம்பள வரம்பைத் தூக்கியிருக்கணும். தூக்கலைன்னா கணக்கு தப்பு.

வரியா சொன்னா, பங்கு நிறுவனத்துக்கு 30 சதவீதமும் அதுமேல 4 சதவீத செஸ்ஸும், ஆக 31.2. அண்ணன் பட்டனை அமுக்கியிருந்தா 54,000-க்கு 16,848 ரூபாய் தண்டம். வட்டி தனி.

ஆடிட்டருக்கு போன் போட்டு கணக்கை வாசிச்சேன். ஒரு நிமிஷம் அமைதி. "ஆமாம்ப்பா, எக்செஸ் இன்ட்ரஸ்ட்டை ஆட் பேக் பண்ணாம விட்டிருக்கு"ன்னாரு. சாயந்திரத்துக்குள்ள கையெழுத்துப் போட்ட கணக்குத் தாளும், 21(c)-ல வர வேண்டிய சரியான தொகை இதுதான்னு ஒரு கடிதமும் அனுப்பிட்டாரு. தப்பை ஒத்துக்கிட்டு அன்னைக்கே எழுதிக் கொடுக்கிற மனசு எல்லாருக்கும் வராதுங்க. அவர் மேல மரியாதை கூடிடுச்சு.

இப்ப பதில்.

போர்ட்டல்ல Pending Actions போய் e-Proceedings திறந்தா நோட்டீஸ் இருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் எதிர்ல Agree, Disagree. எங்களுக்கு பாதி சரி, பாதி தப்பு. முழுசா Agree கொடுத்தா 1,80,000-ம் ஏறிடும். அதனால Disagree கொடுத்து, காரணம் எழுதற இடத்துல முதல் வரியிலயே ஒத்துக்கிறதை ஒத்துக்கிட்டோம்: "1,26,000 ரூபாய் அனுமதி இல்லைன்னு ஏத்துக்கிறோம், மீதி 54,000-க்கு மட்டும் ஆட்சேபம்." இந்த வரி ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன். எல்லாத்தையும் மறுத்து வீராப்பா எழுதினா, உண்மையா தப்பான 54,000-ம் அந்தக் கூட்டத்துல காணாமப் போயிடும்.

அடுத்து, புத்தக லாபத்துக்குச் சட்டம் சொல்ற விளக்கம் (40(b)-யோட Explanation 3), அதுக்குக் கீழ மேல போட்ட கணக்கு. இணைப்புகள் நாலு: பத்திரம், மூணு பேரோட முதல் கணக்கு, லாப நஷ்டக் கணக்கு, ஆடிட்டர் கடிதம். அவ்ளோதான். ஒரு பக்கம்கூட வரல. "கனம் பொருந்திய அதிகாரி அவர்கள் கருணை கூர்ந்து" எல்லாம் வேணாங்க. எண்ணைச் சொன்னா போதும்.

திருத்த ரிட்டர்னே போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. டிசம்பர் 31 தாண்டிப்போச்சு. அதுக்கு முன்னாடி வந்திருந்தா அதுதான் சுத்தமான வழி.

பதிலே போடாம விட்டா 30 நாள் கழிச்சு முழுத் தொகையும் ஏறி உத்தரவு வந்துடும். பதில் போட்டும் கேக்கலைன்னா 154-ல திருத்த மனு, இல்ல 30 நாளுக்குள்ள மேல்முறையீடு. ஸ்க்ரூட்டினியா இருந்தா கதை கொஞ்சம் வேற. அங்க "இவர் நிஜமா வேலை பார்க்கிறாரா"ன்னும் கேப்பாங்க. யார் பேங்க் செக்குல கையெழுத்து, யார் கொள்முதல் பேசறது, இதெல்லாம் காட்டணும்.

இதோட முடிஞ்சிடும்னு நினைச்சுத்தான் எல்லாரும் எழுந்து போயிடறாங்க. போகாதீங்க, பாதிப் பணம் இன்னும் மேஜைமேலயே இருக்கு.

கடையில தள்ளுபடி ஆன அந்த 1,26,000-ஐ யார் வாங்கினா? மூணு பேரும் வாங்கி, அவங்கவங்க ரிட்டர்ன்ல வருமானமா காட்டி வரியும் கட்டிட்டாங்க. இப்ப அதே பணத்துக்குக் கடையும் வரி கட்டுது. ஒரே தேங்காயை ரெண்டு தடவை உடைக்க முடியுமா? சட்டமே முடியாதுன்னு சொல்லுது. 28(v)-ல, கடைக்கு 40(b)-ல அனுமதிக்காத தொகை அளவுக்குப் பங்குதாரர் வருமானத்தையும் சரி பண்ணணும்னு இருக்கு.

அண்ணனுக்கு வட்டியில 45,000, சம்பளத்துல 18,000, ஆக 63,000 குறையணும். தம்பிக்கு 30,000-ம் 18,000-ம், 48,000. அம்மாவுக்கு வட்டியில 15,000. மூணையும் கூட்டிப் பாருங்க, அதே 1,26,000 வரும். வரலைன்னா எங்கயோ பிரிச்சது தப்பு.

கடைக்கு உத்தரவு வந்ததும் அதோட நகலை வெச்சு, மூணு பேரும் தனித்தனியா திருத்த மனு போடணும். சம்பளத்துக்கு 155(1A)-ன்னு தனிப் பிரிவே இருக்கு. கடையோட இறுதி உத்தரவு வந்த நிதியாண்டு முடிஞ்சதுலேர்ந்து நாலு வருஷம் வரைக்கும் அவகாசம். வட்டிக்கு 28(v)-ஐக் காட்டி 154-ல கேக்கணும். எத்தனை குடும்பம் இதைக் கேக்காம விட்டிருக்கும்னு நினைச்சா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

அண்ணன் நடுவுல ஒரு கேள்வி கேட்டாரு. "அப்ப அதிகமா எடுத்த சம்பளத்தைக் கடைக்குத் திருப்பிக் கட்டணுமா தம்பி?"

வேணாம்ணே. வரிக் கணக்குக்குத்தான் அது செலவு இல்ல. உங்களுக்குள்ள பேசின பேச்சு அப்படியே நிக்கும்.

இதுக்கு ஒரு பழைய வழக்கு இருக்கு. 1977-ஆம் வருஷ ஐ.டி.ஆர். 106-ஆம் தொகுதியில ஆர்.எம். சிதம்பரம் பிள்ளை வழக்குன்னு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தேயிலை பயிரிட்டு வித்த நிறுவனங்களோட பங்குதாரர்கள் சம்பளம் வாங்கியிருந்தாங்க. தேயிலை வருமானத்துல 60 சதவீதம் விவசாயம், மத்திய வரி கிடையாது. அப்ப சம்பளத்துலயும் 60 சதவீதம் விவசாய வருமானமா, இல்ல முழுசும் வரிக்கு உட்பட்டதாங்கிறது கேள்வி. பங்கு நிறுவனம் பங்குதாரர்களைத் தவிர வேற ஆள் இல்ல, தனக்குத்தானே யாரும் சம்பளம் கொடுத்துக்க முடியாது, அதனால அந்தச் சம்பளம் லாபத்துல ஒரு பங்குதான்னு கோர்ட் சொல்லி, 40 சதவீதத்துக்கு மட்டும் வரி போடச் சொல்லிடுச்சு.

அந்தக் காலத்துல பங்குதாரர் வட்டி, சம்பளம் எதுவுமே நிறுவனத்துக்குச் செலவு கிடையாது. 1993-94 மதிப்பீட்டு ஆண்டுலேர்ந்துதான் ஒரு வரம்பு வரைக்கும் செலவா எடுத்துக்கச் சொன்னாங்க. வரம்பைத் தாண்டினது பழையபடி லாபத்தோட பங்கா நிக்குது. அவ்ளோதான் விஷயம். அண்ணனுக்கு இது சொன்னதும் புரிஞ்சிடுச்சு. "அதாவது, நம்ம பாக்கெட்ல இருந்து நம்ம பாக்கெட்டுக்கு"ன்னாரு.

கடைசியா பத்திரம்.

15 சதவீதத்தை 12 ஆக்கணும்னு முடிவு பண்ணினோம். "போன ஏப்ரல் தேதி போட்டு எழுதிடலாமா"ன்னு தம்பி கேட்டான். கூடவே கூடாது. பத்திரத் தேதிக்கு முந்தின காலத்துக்கு அது செல்லாதுன்னு 40(b)-லயே இருக்கு. வரப்போற 2026 ஏப்ரல் 1-லேர்ந்துன்னு துணைப் பத்திரம் போடறோம்.

அதுலயும் ஒரு சிக்கல். பக்கத்துத் தெரு உரக்கடை பத்திரத்துல "முதல் 3 லட்சத்துக்கு 90 சதவீதம், மீதிக்கு 60"ன்னு பழைய வரம்பையே எண்ணா எழுதி வெச்சிருக்காங்க. சட்டம் 6 லட்சம் ஆக்கினாலும் பத்திரப் பூட்டு 3 லட்சத்துலயே நிக்குது. புத்தக லாபம் 6 லட்சம் தாண்டினா சரியா 90,000 ரூபாய் சம்பளம் கையை விட்டுப் போகும். அதுக்காக "சட்டப்படி எவ்வளவோ அவ்வளவு"ன்னு மொட்டையா எழுதினாலும் வம்பு. 1996 மார்ச் 25-ல வந்த 739-ஆம் சுற்றறிக்கை, ஆளுக்கு எவ்வளவு தொகைன்னோ, அதைக் கணக்கிடுற முறைன்னோ பத்திரத்துல இருக்கணும்னு சொல்லுது. மொட்டை வாசகத்தை இமாச்சல் உயர் நீதிமன்றம் ஏத்துக்கிச்சு, டெல்லி உயர் நீதிமன்றம் ஏத்துக்கல. நமக்கு எதுக்கு அந்த ரிஸ்க்?

அதனால நாங்க எழுதினது: அண்ணனுக்கும் தம்பிக்கும் மாசம் ஆளுக்கு 30,000. அந்தந்த வருஷம் நடப்புல இருக்கிற வருமான வரிச் சட்டத்தோட உச்சவரம்பு அதுக்குக் கம்மியா வந்தா, அந்த உச்சவரம்பை ரெண்டு பேரும் சரிபாதியா எடுத்துக்கணும். "40(b)"ன்னு எண் போடல. 2026 ஏப்ரல்லேர்ந்து 2025-ஆம் வருஷப் புதுச் சட்டம், எண்ணெல்லாம் மாறுது.

(சொல்ல மறந்துட்டேன். 2025 ஏப்ரல்லேர்ந்து ஒரு பங்குதாரருக்கு வருஷத்துக்கு 20,000-க்கு மேல வட்டி, சம்பளம் போனா கடை 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கணும், 194T. கையில கொடுக்காம முதல் கணக்குல வரவு வெச்சாலும் பிடிக்கணும். இவங்க இன்னும் பிடிக்கல. அது இந்த வாரத்து வேலை.)

துணைப் பத்திரத்துல கையெழுத்து வாங்க சனிக்கிழமை வீட்டுக்கே போனேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா படிச்சாங்க. 12-ங்கிற இடத்துல விரலை வெச்சு நிறுத்தி, "எனக்கு வருஷம் 75,000 வந்துச்சு, இனிமே 60,000-ஆ?"ன்னாங்க.

ஆமாம்மா, மீதி லாபப் பங்குல வரும், அதுக்கு உங்க கையில வரி கிடையாதுன்னேன்.

"பங்குல மூணு பேருக்கும்ல பிரியும்?"

நானும் அண்ணனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அம்மா சொல்றது நூத்துக்கு நூறு சரி. 12-க்கு மேல வட்டியா வாங்கினப்ப 90,000-ல அவங்க பங்கு 15,000. லாபமா பிரிஞ்சா லாப விகிதப்படிதான் வரும். அவங்களுக்கு லாபத்துல பத்து சதவீதம்தான். 9,000 ரூபாய்.

கையெழுத்தை நிறுத்திட்டு, லாப விகிதத்தைத் திருத்த ஒரு பத்தி சேர்க்கணும்னு குறிச்சுக்கிட்டு வந்திருக்கேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி போகணும்.